ஒரே காபி மெஷின், நாலு பேர்: செலவையும் கழுவும் வேலையையும் பங்கிட்டுக்கொள்ள மெசேஜ் எழுதும் முறை

நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. அதில் ஒருவர் எஸ்பிரஸோ மெஷின் வாங்கி சமையலறையில் வைக்கிறார். முதல் வாரம் எல்லாரும் ஆளுக்கொன்று போட்டுக் குடித்துப் பாராட்டுகிறார்கள். மூன்றாவது வாரம், பால் காய்ந்து ஒட்டிய நீராவிக் குழாயை யார் சுரண்டுவது என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது. மெஷின் வாங்கிய அந்த ஒருவர் நான்தான்.

நான் அனுப்பிய முதல் மெசேஜ் ராத்திரி பதினொன்றரைக்குப் போனது. குழாயைச் சுரண்டிய கையோடு எழுதியது. கழுவாதவர்கள் மேல் வருத்தம், வாரமுறை அட்டவணை, காபிக் கொட்டைக்கு ஆன செலவு என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருந்தேன். இரண்டு கட்டைவிரல், ஒரு 'ஓகே' வந்தது. மறுநாள் காலை குழாய் பழையபடியே இருந்தது. பிறகு வேறு இரண்டு வீடுகளிலும் இதே தவறு இதே வரிசையில் நடப்பதைப் பார்த்தேன். மெசேஜை எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

இங்கே சொல்வது கைப்பிடியில் தூளைப் போட்டு மாட்டுகிற, பால் நுரைக்க நீராவிக் குழாய் இருக்கிற மெஷினுக்கு. கேப்ஸ்யூல் மெஷின் என்றால் பணக் கணக்கு சுலபம், கேப்ஸ்யூலை அவரவர் வாங்கிக்கொண்டால் முடிந்தது. கழுவும் பகுதி மட்டும் உதவும்.

## 1. எழுதுவதற்கு முன் ஒரு வாரம் கோடு போடுங்கள்

மெஷின் பக்கத்தில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. காபி குடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒரு டபுள் ஷாட் போட்டால் ஒரு கோடு. கைப்பிடிக்குள் தூள் போடும் கூடையில் சிறியதான சிங்கிள் கூடையைப் பயன்படுத்துகிறவர் இருந்தால் அவருக்கு அரைக் கோடு. விருந்தாளிக்குப் போட்டால் அழைத்து வந்தவர் வரியில் கோடு. ஷாட் கெட்டுப்போய்க் கொட்டிவிட்டால் கோட்டுக்குப் பதில் பெருக்கல் குறி, அது யார் வரியிலும் இல்லாமல் தாளின் அடியில் தனியாக.

இதை முதலில் செய்யக் காரணம், யாருக்கும் தான் எத்தனை குடிக்கிறோம் என்று தெரியாது. எங்கள் வீட்டில் கருங்காபி குடிப்பவர் 'ரெண்டுதான்' என்று சத்தியமே செய்தார். வாரக் கடைசியில் 21 கோடு. அவர் பொய் சொல்லவில்லை. மதியம் வேலைக்கு நடுவே போடுகிற மூன்றாவது காபி அவர் கணக்கிலேயே இல்லை. எனக்கு 14, மூன்றாமவருக்கு 7. நாலாவது ஆள் டீ மட்டும் குடிப்பவர், அவருக்கு வரியே கிடையாது. பெருக்கல் குறி நாலு.

தாளை ஒட்டும்போது காரணத்தை மறைக்க வேண்டாம். 'மாசத்துக்கு எவ்வளவு கொட்டை வேணும்னு பார்க்கிறேன், செலவைப் பிரிக்கவும் இதுதான் உதவும்' என்று சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் வேவு பார்த்ததுபோல் ஆகிவிடும்.

## 2. பணத்தை மூன்று கூறாகப் பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 'மொத்தச் செலவை மூணாலே வகுத்துக்கலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். மொத்தச் செலவில் மூன்று வகைப் பணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் செலவாகிறது. எதனால் செலவாகிறதோ அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கொட்டை. குடிக்கக் குடிக்கத் தீர்வது, ஆகவே கோட்டின் எண்ணிக்கைப்படி. டபுள் கூடைக்கு 18 கிராம் என்று வைத்துக்கொண்டால் வாரம் 42 கோடு, நாலு வாரத்தில் 168. அதற்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கெட்டுப்போன ஷாட்டுகளையும் சேர்த்தால் 3.3 கிலோ. கணக்கு புரிவதற்காக ஒரு கிலோ 20 என்று வைத்துக்கொள்கிறேன், நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். மாதம் 66. கோடுகளின் விகிதம் 3, 2, 1. கருங்காபிக்காரருக்கு 33, எனக்கு 22, மூன்றாமவருக்கு 11.

பெருக்கல் குறிகளையும் இதே விகிதத்தில்தான் பங்கிட வேண்டும், கெடுத்தவர் தலையில் கட்டக்கூடாது. புதுப் பாக்கெட் பிரித்ததும் அரைக்கும் அளவு மாறும், முதல் ஓரிரு ஷாட் யார் போட்டாலும் கெடும். கெடுத்தவர் பணம் கொடுக்க வேண்டும் என்றால் யாரும் புதுப் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டார்கள். பழைய கொட்டையின் கடைசிப் பிடி நாலு நாள் அப்படியே கிடக்கும்.

பராமரிப்பு. கழுவும் பொடி, சுண்ணப் படிவை எடுக்கும் கரைசல், தண்ணீர்த் தொட்டியில் வைக்கும் ஃபில்டர், கைப்பிடி மாட்டுகிற இடத்திலுள்ள ரப்பர் கேஸ்கட். இவை ஓரளவு கோட்டைப் பொறுத்தவை, ஓரளவு காலத்தைப் பொறுத்தவை. தொகை சின்னது. இதற்கு விகிதம் போட உட்கார்ந்தால் மெசேஜ் வரி விதிப்பு அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். குடிக்கிற மூவருக்கும் சமமாக வைத்தேன். மாதம் 6, ஆளுக்கு 2. செலவாகாத மாதம் அது அப்படியே சேரும். கேஸ்கட் இறுகிக் கசிய ஆரம்பிக்கும்போது அந்தப் பணம் தயாராக இருக்கும்.

தேய்மானம். மெஷினின் விலையைப் பங்கிடாதீர்கள், அது இழக்கும் மதிப்பைப் பங்கிடுங்கள். மெஷின் விலை 540 என்று வைப்போம். மூன்று வருடம் கழித்துப் பழைய பொருளாக விற்றால் 216 வரும் என்று மதிப்பிட்டால், இழப்பு 324. அதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 9, மூவருக்கு ஆளுக்கு 3. விற்கும் விலை வெறும் மதிப்பீடுதான். அதே மாடல் பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், தோராயமாக இருந்தால் போதும்.

இப்போது கூட்டினால் கருங்காபிக்காரருக்கு 38, எனக்கு 27, மூன்றாமவருக்கு 16. மொத்தம் 81. அதுவரை நாங்கள் செய்ததுபோல் இதையே சமமாக வகுத்தால் ஆளுக்கு 27.

அந்த 27ஐக் கவனியுங்கள். எந்த முறையில் பிரித்தாலும் எனக்கு அதேதான் வருகிறது. சமமாகப் பிரித்தபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்றால் அதற்குக் காரணம் என் நியாய உணர்வு இல்லை, நான் நடுவில் இருந்ததுதான். மாதம் 11 அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறக்காமல் மெஷினைக் கழுவுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். திட்டம் எழுதுகிறவர் தன் எண்ணை மட்டும் பார்க்காமல், பட்டியலின் இரண்டு கோடியிலும் இருப்பவர்களின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

பாலை இதில் சேர்க்காதீர்கள். கருங்காபி குடிப்பவர் பாலுக்குக் கொடுக்க மாட்டார். பால் குடிப்பவர்களுக்குள்ளும் பால் வகை வேறுபடும். அவரவர் பால் அவரவர் பாடு.

## 3. மெஷின் யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒருவர் சொந்தமாக வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் தேய்மானம் வாங்குவது ஒன்று. எல்லாரும் பங்கு போட்டு வாங்குவது மற்றொன்று. இரண்டையும் மெசேஜில் வைத்து 'எது பிடிக்கும்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராது.

என் வாக்கு ஒருவர் சொந்தம் என்பதற்குத்தான். பழுது பார்க்கக் கொண்டுபோவது யார், வீடு காலி செய்யும்போது மெஷின் யாரோடு போகும் என்ற இரண்டு கேள்விக்கும் அதில் ஒரே பதில். வீடு மாறுகிறவர் அந்த மாதக் கணக்கை முடித்துவிட்டுப் போகலாம், திருப்பித் தர எதுவும் இல்லை. மெஷின் திருடுபோனாலும் பம்ப் எரிந்தாலும் நட்டம் எனக்கு. ஆளுக்கு 3 என்ற தேய்மானத் தொகை அதற்கும் சேர்த்துத்தான்.

பங்கு போட்டே வாங்கிவிட்டீர்கள் என்றால், விலகுகிறவருக்கு என்ன திருப்பித் தருவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அதே கணக்கு போதும். மாதம் 9 வீதம் மதிப்பு குறைகிறது. பத்தாவது மாத முடிவில் ஒருவர் போனால் மெஷினின் மதிப்பு 450, அவர் பங்கு 150. போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், போகிறவர் கொடுத்த விலையை நினைப்பார், இருப்பவர்கள் கீறல்களை நினைப்பார்கள்.

## 4. கழுவும் வேலையை, அது எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதை வைத்துப் பிரியுங்கள்

'எல்லாரும் சுத்தமா வெச்சுக்கணும்' என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். இந்த மெஷினில் சில அழுக்கு ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காது, சிலது ஒரு வாரம் பொறுக்கும், சிலது மாதக்கணக்கில் பொறுக்கும். அந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் முதல் வகை கட்டாயம் தோற்கும்.

உடனே, காபி போட்டவரே. பால் அடித்து முடித்த நொடியில் நீராவிக் குழாயின் மேல் இருப்பது ஈரமான பால், ஈரத்துணியால் ஒரு இழுப்பில் வந்துவிடும். குழாய் சூடாக இருப்பதால் சில நிமிடத்திலேயே அது வெந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டும். வெளியே தெரிவது பாதிதான். நீராவியை நிறுத்தியதும் குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும், அது பாலை உள்ளே இழுக்கும். ஆகவே துடைத்த பிறகு பால் பாத்திரம் இல்லாமல் இரண்டு விநாடி நீராவியைத் திறந்து விட வேண்டும். சொட்டுத் தட்டுப் பக்கம் குழாயைத் திருப்பிவிட்டுத் திறந்தால், முதலில் வெள்ளையாக ஒரு துப்பல் வெளியே வரும். அந்தத் துப்பலை ஒருமுறை புதியவருக்குக் காட்டிவிடுங்கள், அதற்கப்புறம் நினைவூட்ட வேண்டியதில்லை.

சக்கையைத் தட்டுவது, கைப்பிடியை அலசுவது, கைப்பிடிக்கு மேலே தண்ணீர் இறங்குகிற ஷவர் பகுதியில் சில விநாடி தண்ணீர் ஓடவிடுவது ஆகியவையும் இதே வகை. தண்ணீர்த் தொட்டி கால்வாசிக்குக் கீழே போயிருந்தால் நிரப்புவதும் அப்படித்தான். தொட்டி வற்றி பம்ப் வெறுமே ஓடினால் அதைக் குளிரவைக்கத் தண்ணீர் இருக்காது, சூடேறிப் பழுதாகும். இவற்றை எல்லாம் முறை போட முடியாது. அடுத்தவர் முறை வரும்வரை பால் காத்திருக்காது.

வாரம் ஒருமுறை, முறை வைத்து. சொட்டுத் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுவது, கூடையையும் கைப்பிடியின் உலோகப் பகுதியையும் கழுவும் பொடி கலந்த வெந்நீரில் ஊறவைப்பது, நீராவிக் குழாயின் நுனியைக் கழற்றி ஊறவைப்பது, பேக்ஃப்ளஷ் செய்வது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம், அதிலும் பாதி நேரம் ஊறுவதற்குக் காத்திருப்பதுதான்.

பேக்ஃப்ளஷ் என்பது ஓட்டையில்லாத கூடையை மாட்டி, பொடி போட்டு, பம்பை ஓடவிட்டு நிறுத்துவது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் திரும்பி, உள்ளே படிந்த காபி எண்ணெயைக் கழுவிக்கொண்டு சொட்டுத் தட்டுக்கு வரும். பத்து விநாடி ஓட்டு, பத்து விநாடி நிறுத்து, ஐந்து தடவை. பிறகு பொடி இல்லாமல் வெறும் தண்ணீரில் அதே ஐந்து தடவை. பொடியின் அளவு அதன் டப்பாவில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா மெஷினிலும் பேக்ஃப்ளஷ் செய்யக்கூடாது. அழுத்தத்தை வெளியேற்றும் மூன்றுவழி வால்வு இருக்கிற மெஷினுக்குத்தான் அது. காபி போட்டு நிறுத்தியதும் 'உஸ்' என்று சத்தத்துடன் சொட்டுத் தட்டில் தண்ணீர் கொட்டினால் வால்வு இருக்கிறது. சத்தமே இல்லாமல், உடனே கைப்பிடியைக் கழற்றினால் சக்கை தெறிக்கிறது என்றால் அநேகமாக இல்லை. எப்படியும் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டே பட்டியலில் சேருங்கள்.

முறையை எப்படிப் பங்கிடுவது? முதலில் சமமாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தேன். எண்ணெய் படிவது கோட்டைப் பொறுத்தது என்பதால் அதுவும் சரியில்லை. இப்போது ஆறு வாரச் சுற்று. ஒன்றுவிட்டு ஒரு வாரம் கருங்காபிக்காரர். நடுவில் வரும் மூன்று வாரத்தில் இரண்டு எனக்கு, ஒன்று மூன்றாமவருக்கு. 3, 2, 1 என்ற அதே விகிதம். 'ஒன்றுவிட்டு ஒன்று' என்பதால் யாரும் மறப்பதில்லை.

சில மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள். டீஸ்கேல் செய்வது, அதாவது சூடாகும் பகுதிக்குள் படிந்த சுண்ணத்தைக் கரைத்து எடுப்பது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் பொறுத்தது, கையேடு சொல்லும். இதை முறை போடாதீர்கள். கழுவும் பொடி எண்ணெயை எடுக்கும், சுண்ணத்தைத் தொடாது. டீஸ்கேல் கரைசல் சுண்ணத்தைக் கரைக்கும், எண்ணெயை எடுக்காது. இரண்டு பாக்கெட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஒரு வீட்டில் தொட்டியில் கழுவும் பொடியைக் கரைத்து ஓட்டிவிட்டார்கள். நுரை நிற்க ஒரு நாள் ஆனது. சொந்தக்காரரே செய்வது நல்லது.

## 5. காபி குடிக்காதவரிடம் முதலில் நேரில் பேசுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டீ குடிப்பவருக்கு இந்தத் திட்டத்தில் காசு இல்லை, வேலையும் இல்லை. ஆனால் மேடையில் அவர் கெட்டில் இருந்த இடத்தை மெஷின் எடுத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு கொட்டை அரைக்கும் சத்தம் அவர் அறைக்குத்தான் கேட்கிறது. மின்சாரக் கட்டணத்தில் நாலில் ஒரு பங்கு அவர் கொடுக்கிறார், மெஷினோ நாள் முழுக்க சூடாகவே நிற்கிறது.

மெசேஜ் போகும் முன் அவரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். எத்தனை மணிக்கு முன்னால் அரைக்கக்கூடாது? மெஷினை எங்கே நகர்த்தினால் சௌகரியம்? முதல் கேள்விக்கு 'ஏழு' என்றார். இரண்டாவதற்கு எழுந்து வந்து தானே நகர்த்திக் காட்டினார். மின்சாரத்துக்கு மீட்டர் வைத்து அளக்கப் போகவில்லை, கடைசியாகப் போடுபவர் அணைக்க வேண்டும் என்ற விதியோடு விட்டோம்.

அவரிடம் பேசாமல் மெசேஜ் அனுப்பினால், குழுவில் முதல் பதில் அவருடையதாக இருக்கும், அதுவும் சத்தத்தைப் பற்றி. அப்புறம் பேச்சு காபிச் செலவுக்குத் திரும்பவே திரும்பாது.

## 6. இப்போது மெசேஜை எழுதுங்கள்

நான் இரண்டாவது தடவை அனுப்பியது இது. எண்களை உங்கள் தாளிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

> எல்லாருக்கும் ஹாய். காபி மெஷினுக்கு ஒரு யோசனை. நாலு வாரம் மட்டும் பண்ணிப் பார்க்கலாம், சரிப்படலைன்னா மாத்திக்கலாம்.
>
> பணம்: கொட்டைச் செலவை தாள்ல இருக்கிற கோட்டை வெச்சுப் பிரிக்கலாம். போன வாரம் 21, 14, 7. அந்தக் கணக்குல மாசம் சுமாரா 33, 22, 11 வருது. இதோட குடிக்கிற மூணு பேரும் ஆளுக்கு 5. அதுல 2 கழுவுற பொடி, கேஸ்கட் செலவுக்கு, 3 தேய்மானத்துக்கு. பால் அவங்கவங்க வாங்கிக்கலாம். காபி குடிக்காதவங்களுக்கு எதுவும் இல்லை.
>
> கழுவுறது: போட்டவங்க அப்பவே சக்கையைத் தட்டி கைப்பிடியை அலசிடணும். பால் அடிச்சா குழாயைத் துடைச்சு ரெண்டு செகண்ட் நீராவி விட்டுடணும். வாரக் கழுவல் ஞாயித்துக்கிழமை, இருபது நிமிஷம், முறை வெச்சு. டீஸ்கேல் நான் பண்றேன், வேற யாரும் பண்ண வேண்டாம்.
>
> மெஷின் என்னோடது, ரிப்பேர் வந்தா என் பொறுப்பு. வீடு மாறினா அந்த மாசக் கணக்கோட முடிஞ்சுது.
>
> காலைல ஏழுக்கு முன்னாடி அரைக்க வேண்டாம். கடைசியா போடுறவங்க ஆஃப் பண்ணிடுங்க.
>
> சனிக்கிழமைக்குள்ள 'சரி'ன்னு சொல்லுங்க, இல்லைன்னா எதை மாத்தணும்னு சொல்லுங்க. எல்லார்கிட்டேர்ந்தும் பதில் வந்தா திங்கள்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

'நாலு வாரம் மட்டும்' என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். நிரந்தர ஏற்பாடு என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் தனக்கு வரக்கூடிய மோசமான நிலையை யோசித்துப் பேரம் பேசுவார்கள். நாலு வாரம் என்றால் விட்டுக்கொடுப்பது சுலபம்.

பணம் கழுவலுக்கு முன்னால் வருகிறது. என் முதல் மெசேஜில் இது தலைகீழாக இருந்தது. கழுவாததைப் பற்றி ஆரம்பித்துப் பணத்தில் முடித்ததால், பணம் அபராதம்போல் ஒலித்தது. நடந்த எதையும் இந்த மெசேஜில் குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். காய்ந்த குழாய் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை எழுதினால் படிப்பவர்கள் 'யாரைச் சொல்கிறான்' என்று தேட ஆரம்பிப்பார்கள்.

எண்களுக்குப் பெயர் போடவில்லை. 21 யாருடையது என்று தாளைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் குழுவில் பெயரோடு எழுதும்போது அது சுட்டிக்காட்டுவதாகிவிடுகிறது. ஆறு வாரச் சுற்றில் யார் எந்த வாரம் என்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிட்டேன். அது எல்லாரும் சரி என்ற பிறகு போகிற இரண்டாவது மெசேஜ்.

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியும். 'என்ன நினைக்கிறீங்க?' என்று முடித்திருந்தால் கட்டைவிரல்தான் வரும், கட்டைவிரல் எதற்கும் ஒப்புதல் இல்லை.

நீளம் இதற்கு மேல் போகக்கூடாது. குவளையை உடைத்தால், வெளியூர் போனால், கொட்டை வகையை மாற்றினால் என்றெல்லாம் எழுதத் தோன்றும். நடக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

## 7. அனுப்பும் நேரமும் வரும் பதில்களும்

பகலில், யாரும் அவசரத்தில் இல்லாத நேரத்தில் அனுப்புங்கள். மெஷினைக் கழுவி முடித்த அரை மணிக்குள் அனுப்பவே அனுப்பாதீர்கள், அந்த எரிச்சல் சொற்களில் தெரியும். அனுப்பியதும் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து யாராவது 'அப்படியா பேசினோம்?' என்பார்கள்.

பதில் வராதவருக்குக் குழுவில் நினைவூட்டாதீர்கள், நேரில் கேளுங்கள். எங்கள் வீட்டில் பதில் வராமல் இருந்தது கருங்காபிக்காரரிடமிருந்து. அவர் தொகைதான் 27இலிருந்து 38 ஆகிறது. நேரில் கேட்டபோது ஆறு வாரச் சுற்றையும் சொன்னேன். தொகையில் அவருக்குப் பிரச்சினை இல்லை. 'நான் பாலே தொடுறதில்லை, குழாய்க்கும் சேர்த்து நான் ஏன் ஒன்றுவிட்டு ஒரு வாரம் கழுவணும்?' என்பதுதான் அவர் கேள்வி. நியாயம்தான். ஞாயிறு வேலையிலிருந்து நீராவிக் குழாயின் நுனியைக் கழற்றி ஊறவைப்பதை எடுத்துவிட்டோம், அதைப் பால்காபிக்காரர்கள் இருவரும் பார்த்துக்கொள்வது என்றானது. அன்று மாலையே 'சரி' வந்தது.

## 8. நாலு வாரம் ஓடும்போது எதைப் பார்க்க வேண்டும்

வாரக் கழுவல் நடக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, மெஷினே சொல்லும். கைப்பிடியை மாட்டாமல் தண்ணீரை ஓடவிட்டு வெள்ளைக் குவளையில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் சரி. பழுப்பாக, கறுப்புத் துணுக்குகளோடு வந்தால் பேக்ஃப்ளஷ் தவறியிருக்கிறது. தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தால் ஷவர் தகடு அடைத்திருக்கிறது. நீராவி முன்பைவிட மெலிந்தால் குழாய் நுனியின் ஓட்டைகளை முதலில் பாருங்கள், டீஸ்கேல் யோசனை அப்புறம்.

பணக் கணக்குக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. காசு வாங்க ஆரம்பித்ததும் கோடுகள் குறையும். சிலர் உண்மையிலேயே குறைத்துக் குடிப்பார்கள், சிலர் கோடு போட மறப்பார்கள். ஒரு கிலோவில் 18 கிராம் வீதம் 55 ஷாட் வரும். கெட்டுப்போனவற்றைக் கழித்தால் சுமார் 50 கோடு. ஒவ்வொரு பாக்கெட் பிரிக்கும்போதும் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள், இரண்டு குறுக்குக் கோட்டுக்கு நடுவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

எங்களுக்கு இரண்டாவது மாதம் ஒரு பாக்கெட் 46 கோட்டிலேயே தீர்ந்தது. யாரோ கோடு போடுவதில்லை என்று எழுதக் கை பரபரத்தது. எழுதவில்லை. பதிலாக, ஒவ்வொருவரும் போடும்போது சும்மா பக்கத்தில் நின்று கைப்பிடியை எடை பார்த்தேன். கருங்காபிக்காரர் கூடையில் 21 கிராம் இருந்தது. அவர் காபி இன்னும் திடமாக வர வேண்டும் என்று அரைக்கும் நேரத்தைக் கூட்டி வைத்திருந்தார், கைப்பிடியை மாட்ட அவர் முக்கிக்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு கோட்டுக்கு 18 என்று நான்தான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பராமரிப்புப் பணத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கி மெஷின் பக்கத்தில் வைத்தோம். தாளின் மேலே '1 கோடு = 18 கிராம்' என்று எழுதினோம். அவர் இப்போதும் 21தான் போடுகிறார், ஆறு காபிக்கு ஒருமுறை ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிடுகிறார்.